விடைக்குறிப்பு ஆங்கிலத்தில், விடை தமிழில்

(திருத்தணியில் குறுவள மையக் கூட்டத்தில் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தொடக்கநிலை ஆசிரியர்களும் பட்டதாரி ஆசிரியர்களும் ஒரே அறையில் அமர்ந்திருக்கும் கூட்டம் இது. அதனால் இரு தரப்புக்கும் பொதுவான ஒரு வேலையைப் பற்றிப் பேசலாம் என்று நினைத்தேன். நாம் எல்லோரும் விடைத்தாள் திருத்துகிறோம். கையில் இருக்கும் விடைக்குறிப்போ மதிப்பீட்டு அளவுகோலோ பல நேரம் ஆங்கிலத்தில் இருக்கிறது, அல்லது ஆங்கிலத்தில் யோசித்துத் தமிழில் பெயர்த்ததாக இருக்கிறது. எதிரே இருக்கும் தாளில் பிள்ளை தமிழில் எழுதியிருக்கிறது. ஆங்கில வழிப் பிரிவு என்றால் பாதித் தமிழ், பாதி ஆங்கிலம். இந்த இரண்டையும் பொருத்திப் பார்க்கும்போது என்ன நடக்கிறது என்பதுதான் இன்றைய பேச்சு.

நம் ஊருக்கு இது கொஞ்சம் கூடுதலாகவே பொருந்தும். 1960 ஏப்ரல் 1 அன்றுதான் திருத்தணி சித்தூர் மாவட்டத்திலிருந்து அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. எல்லைக்கோடு மாறியது, வீட்டு மொழி மாறவில்லை. நகரி, புத்தூர் பக்கம் உறவு வைத்திருக்கும் குடும்பங்களின் பிள்ளைகள் நம் வகுப்பில் இருக்கிறார்கள். வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ், பாடநூலில் ஆங்கிலம். ஆக நம் மேசைக்கு வரும் விடைத்தாளில் சில நேரம் மூன்று மொழிகள் இருக்கும்.

பெரிய இடத்தில் நடந்த ஒன்றை முதலில் நினைவுபடுத்துகிறேன். 2018 மே மாதம் நடந்த நீட் தேர்வை 24,000க்கும் மேற்பட்ட மாணவர்கள் தமிழில் எழுதினார்கள். தமிழ் வினாத்தாளில் 49 வினாக்கள் பிழையாக மொழிபெயர்க்கப்பட்டுள்ளன என்று வழக்குத் தொடரப்பட்டது. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அந்த ஆண்டு ஜூலையில், வினாவுக்கு 4 வீதம் 196 மதிப்பெண் வழங்கச் சொன்னது. உச்ச நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்து, நவம்பரில் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. தீர்ப்பின் சரி தவறுக்குள் நான் போகவில்லை. நான் கவனிக்கச் சொல்வது, மொழிபெயர்ப்பில் ஐயம் வந்தால் ஆங்கில வடிவமே இறுதியானது என்ற அந்தத் தேர்வின் விதியை. அங்கே விதி எழுத்தில் இருந்தது, அதனால் வழக்காடவாவது முடிந்தது. நம் மேசையில் அதே விதி எழுதப்படாமல் இருக்கிறது. ஆங்கிலக் குறிப்பில் உள்ள சொல் தாளில் இருந்தால் சரி, இல்லாவிட்டால் சிவப்பு மை. யாரும் கேட்பதில்லை.

ஒரே ஒரு வினாவை எடுத்துக்கொள்வோம். மண்பானையில் வைத்த நீர் ஏன் குளிர்ச்சியாக இருக்கிறது? மூன்று மதிப்பெண். மலைப்படி ஏறுகிறவர்களுக்குக் கோடையில் தண்ணீர்ப் பந்தல் வைக்கும் ஊர் நம்முடையது. பானையைத் தொட்டுப் பார்க்காத பிள்ளை இங்கே இல்லை. ஆங்கில விடைக்குறிப்பில் மூன்று கருத்துகள். பானையில் நுண்துளைகள் இருப்பதால் நீர் வெளிப்பரப்புக்குக் கசிகிறது, அது ஒன்று. அங்கே அது ஆவியாகிறது, இது இரண்டு. ஆவியாவதற்கான வெப்பம் உள்ளே இருக்கும் நீரிலிருந்து எடுக்கப்படுவதால் அந்த நீர் குளிர்கிறது, இது மூன்று. நாம் வழக்கமாக இந்தக் குறிப்பில் நான்கு சொற்களை அடிக்கோடிட்டு வைத்துக்கொள்வோம்: போரஸ், எவாப்பரேஷன், லேட்டன்ட் ஹீட், கூலிங்.

இனி விடைகள். பிள்ளைகள் ஆங்கில எழுத்தில் எழுதிய சொற்களையும் இங்கே தமிழ் எழுத்திலேயே தருகிறேன். முதல் தாள், ஒன்பதாம் வகுப்பு ஆங்கில வழி மாணவி:

“பானைல போர்ஸ் இருக்கு. அது வழியா தண்ணி கசிஞ்சு வெளிய வரும். காத்து பட்டதும் அது காஞ்சிடும். காயறதுக்கு வேண்டிய சூட்டை உள்ள இருக்கிற தண்ணியில இருந்து எடுத்துக்கும். அதனால உள்ள இருக்கிற தண்ணி கூல் ஆயிடும்.”

இரண்டாம் தாள், அதே வகுப்பு, முழுக்க ஆங்கிலம்:

“கிளே பாட் இஸ் போரஸ். எவாப்பரேஷன் டேக்ஸ் பிளேஸ். லேட்டன்ட் ஹீட் இஸ் அப்சார்ப்டு. சோ கூலிங் எஃபெக்ட் டேக்ஸ் பிளேஸ்.”

அடிக்கோடிட்ட சொற்களை வைத்துத் திருத்தினால் இரண்டாம் தாளுக்கு மூன்றுக்கு மூன்று. முதல் தாளில் போர்ஸ், கூல் என்ற இரண்டு தவிர எதுவும் சிக்காது. நல்ல மனம் இருந்தால் ஒன்று, இன்னும் நல்ல மனம் இருந்தால் ஒன்றரை.

இப்போது சொற்களை விட்டுவிட்டு மூன்று கருத்துகளை மட்டும் வைத்துப் பாருங்கள். முதல் மாணவி நீர் கசிந்து வெளியே வருவதைச் சொல்லிவிட்டாள். காய்ந்துவிடும் என்கிறாள். துணி காய்வதும் தரை காய்வதும் ஆவியாதல்தான், அவள் வீட்டில் அதற்கு இருக்கும் சொல் அது. மூன்றாவது கருத்தை இரண்டாம் தாளைவிடத் தெளிவாகவே சொல்கிறாள். சூடு எங்கிருந்து எடுக்கப்படுகிறது? “தண்ணியில இருந்து.” எந்தத் தண்ணீர்? “உள்ள இருக்கிற.” இரண்டாம் தாளில் வெப்பம் உறிஞ்சப்பட்டது என்று இருக்கிறது. எதிலிருந்து என்று இல்லை. துளை இருக்கிறது என்று இருக்கிறது. அதன் வழியே நீர் வந்ததா என்று இல்லை. ஆவியாதல் நடந்தது என்று இருக்கிறது, எங்கே என்று இல்லை. அந்த மாணவன் புரிந்துகொண்டு சுருக்கி எழுதினானா, நான்கு சொற்களை மனப்பாடம் செய்து கோத்தானா என்று தாளை வைத்துச் சொல்ல முடியாது.

எதிலிருந்து என்பது இந்த வினாவின் உயிர். அறை வெப்பநிலையில் ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறக்குறைய 2400 ஜூல் வெப்பம் வேண்டும். ஒரு கிராம் நீரை ஒரு டிகிரி குளிர்விக்க சுமார் 4.2 ஜூலை அதிலிருந்து எடுத்தால் போதும். கசிந்து போகும் சிறிதளவு நீர், பானைக்குள் தங்கியிருக்கும் நிறைய நீரைக் குளிர்விக்க முடிவது அதனால்தான். வெப்பம் எந்தத் திசையில் போகிறது என்று பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறதா என்பதைத்தான் மூன்றாம் மதிப்பெண் அளக்கிறது.

இங்கேதான் மொழியின் வேறுபாடு வேலை செய்கிறது. ஆங்கிலம் இந்தத் திசையைச் சொல்வரிசையாலும் தனிச்சொல்லாலும் காட்டும். தமிழில் அது சொல்லின் வாலில் இருக்கிறது. ஐ, ஆல், கு, இல், இலிருந்து. வகுப்பில் வேற்றுமை உருபு என்று நடத்திவிட்டு நாம் மறந்துபோகிற சங்கதி. “நீர் வெப்பத்தை எடுத்துக்கொள்ளும்” என்பதும் “நீரிலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொள்ளும்” என்பதும் ஒரே சொற்கள். அடிக்கோடு போட்டுத் திருத்துகிறவருக்கு இரண்டும் ஒன்று. ஆனால் ஒன்றில் நீர் வெப்பத்தைப் பெறுகிறது, மற்றதில் இழக்கிறது. ஆங்கிலக் குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு தமிழ் விடையைப் படிக்கும்போது கண் பெயர்ச்சொற்களைத் தேடும், அவற்றின் கடைசி எழுத்துகளைத் தாண்டிப் போய்விடும். பொருள் அந்தக் கடைசி எழுத்துகளில் இருக்கிறது.

கலப்பு மொழியில் இது இன்னும் சுவையானது. மூன்றாம் தாள் ஒன்று: “வாட்டர் ஹீட் அப்சார்ப் பண்ணும். சோ பாட் கூல் ஆகும்.” இதில் உருபு எதுவும் இல்லை. ஆங்கிலச் சொல்லைத் தமிழ் வாக்கியத்தில் போடும்போது பிள்ளைகள் உருபைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். வாட்டர் ஹீட்டை எடுக்கிறதா, வாட்டரின் ஹீட்டை வேறொன்று எடுக்கிறதா? துப்பு ஒன்று இருக்கிறது, துணைவினையில். ஆங்கில வினைக்குப் பின்னால் நம் பிள்ளைகள் பண்ணு, ஆகு என்ற இரண்டில் ஒன்றைச் சேர்க்கிறார்கள். பண்ணு வந்தால் எழுவாய் அந்தச் செயலைச் செய்கிறது. ஆகு வந்தால் எழுவாய்க்கு அது நிகழ்கிறது. “வாட்டர் எவாப்பரேட் ஆகும்” என்பது சரியான அறிவியல். “சன் வாட்டரை எவாப்பரேட் பண்ணும்” என்பதும் ஒரு கருத்து. இங்கே மாணவன் “அப்சார்ப் பண்ணும்” என்று எழுதியதால் வாட்டர்தான் வெப்பத்தை எடுக்கிறது என்று கொள்ள வேண்டும். கசிந்த நீரைச் சொல்லியிருந்தால் அது சரி, உள்ளே இருக்கும் நீரைச் சொல்லியிருந்தால் தவறு. எந்த நீர் என்று எழுதவில்லை. அடுத்த வாக்கியத்தில் பானை குளிர்கிறது என்று இருப்பதால் கசிந்த நீர் என்று கொள்ள இடமிருக்கிறது. ஆனால் அது நம் ஊகம்.

வகுப்புத் தேர்வு என்றால் அந்தப் பையனைக் கூப்பிட்டு “எந்தத் தண்ணி?” என்று இரண்டே சொல்லில் கேட்டுவிடலாம். தாளை நீட்டி ஒரு சொல் சேர்த்து எழுதச் சொல்லலாம். பத்து விநாடி வேலை. தாள் எழுதியவரைக் கேட்க முடியாத இடத்தில், ஐயம் இருந்தால் எந்தப் பக்கம் சாய்வது என்று முன்கூட்டியே குறிப்பில் எழுதிவைத்திருக்க வேண்டும். ஒரு தாளுக்கு இரக்கம், அடுத்த தாளுக்குக் கண்டிப்பு என்று போனால் மதிப்பெண் நம் களைப்பை அளக்கும்.

நான்காம் தாளையும் சொல்லிவிடுகிறேன், இது எதிர்ப்பக்கத்துக்கு எடுத்துக்காட்டு. “மண்ணு குளிர்ச்சி. அதனால எவாப்பரேஷன் ஆகி தண்ணி ஜில்லுனு ஆகுது.” சரியான கலைச்சொல் இருக்கிறது. பண்ணு, ஆகு கூடச் சரியாக வந்திருக்கிறது. ஆனால் “அதனால” என்ற சொல் மண்ணின் குளிர்ச்சியைக் காரணமாக்கிவிட்டது. மண் குளிர்ச்சி, எண்ணெய்க் குளியல் குளிர்ச்சி, மோர் குளிர்ச்சி என்ற வீட்டு மருத்துவச் சிந்தனை அது. அதற்கு மேல் ஒரு ஆங்கிலச் சொல்லை ஒட்டவைத்திருக்கிறான். நான் இதற்கு மதிப்பெண் தருவதில்லை. சரியான சொல் தவறான உறவில் நின்றால் அது சரியான சொல் அல்ல. அந்தப் பையனுக்குக் குறைவது கலைச்சொல் இல்லை. பீங்கான் பூசிய ஜாடியில் ஊற்றிவைத்த நீர் ஏன் அதே அளவு குளிரவில்லை என்று கேட்டால்தான் அவன் நகர்வான்.

ஆக வீட்டுத் தமிழில் எழுதினால் எல்லாவற்றையும் ஏற்றுக்கொள் என்று நான் சொல்லவில்லை. எங்கே ஏற்கக் கூடாது என்பதும் தெரிய வேண்டும். நம் பேச்சுத் தமிழில் ஒரு சொல்லே இரண்டு அறிவியல் கருத்துகளைச் சுமக்கும் இடங்கள் இருக்கின்றன. கடையில் எடை என்கிறோம், பாடநூலில் நிறை வேறு, எடை வேறு. சூடு என்ற சொல் வெப்பத்துக்கும் வெப்பநிலைக்கும் பொது. சக்தி, பவர் என்ற இரண்டும் ஆற்றல், திறன், விசை மூன்றுக்கும் ஓடிப்போய் உதவும். வினா இந்த வேறுபாட்டைத்தான் சோதிக்கிறது என்றால் வீட்டுச் சொல் போதாது. மண்பானை வினாவில் சூடு என்று எழுதினால் குறையில்லை, ஏனென்றால் அங்கே வெப்பம் ஓரிடத்திலிருந்து இன்னோரிடம் போவதுதான் கேள்வி. வெப்பத்துக்கும் வெப்பநிலைக்கும் வேறுபாடு தருக என்ற வினாவில் இரண்டுக்கும் சூடு என்று எழுதினால் விடையே இல்லை. ஒரே சொல்தான், ஒரு வினாவில் செல்லும், இன்னொன்றில் செல்லாது. எந்த வினாவில் எது என்பதை ஆங்கில விடைக்குறிப்பு நமக்குச் சொல்லாது. ஹீட், டெம்பரேச்சர் என்று ஆங்கிலத்தில் தனித்தனிச் சொல் புழக்கத்தில் இருப்பதால் குறிப்பை எழுதியவருக்கு இந்தச் சிக்கல் தோன்றியே இருக்காது.

எழுத்துப்பிழை பற்றியும் கேட்பீர்கள். பிஸா என்ற பன்னாட்டுத் தேர்வைப் பலர் அறிவீர்கள். 2009ஆம் ஆண்டுச் சுற்றின் நீட்சியில் நம் மாநிலமும் இமாசலப் பிரதேசமும் பங்கேற்றன. அந்தத் தேர்வில் வாசிப்புக்கான எழுத்து விடைகளைத் திருத்துவோருக்குத் தரும் வழிகாட்டியில், பொருளைக் கெடுக்காதவரை எழுத்துப்பிழை, இலக்கணப்பிழைகளைப் பொருட்படுத்த வேண்டாம் என்று இருக்கும். நல்ல விதி. ஆங்கிலத்தில் பல இடங்களில் இதை “ஒலிப்பில் அடையாளம் தெரிந்தால் ஏற்கலாம்” என்றே கடைப்பிடிக்கிறார்கள். எவாப்பரேஷனை எப்படிச் சிதைத்து எழுதினாலும் அது வேறொரு கலைச்சொல்லாக மாறிவிடாது. தமிழில் அப்படியே கொண்டுவந்தால் ஓரிடத்தில் இடறும். ஒளி, ஒலி. ஒலிப்பில் பக்கத்துப் பக்கத்தில் இருப்பவை, பொருளில் இரண்டு தனிப் பாடங்கள். “ஒலிச்சேர்க்கைக்குப் பச்சையம் தேவை” என்று எழுதினால் குழப்பமே இல்லை, மதிப்பெண் தரலாம். “ஒலி வெற்றிடத்தில் பரவும்” என்று எழுதினால்? எழுத்துப்பிழையா, கருத்துப்பிழையா என்று அந்த வரியை மட்டும் வைத்துத் தீர்க்க முடியாது. அதே தாளில் வேறு இடத்தில் ஒளிவிலகலை எப்படி எழுதியிருக்கிறது என்று புரட்டிப் பார்ப்பேன். அங்கேயும் ஒலிவிலகல் என்றிருந்தால் அது அந்தப் பிள்ளையின் கைப்பழக்கம். அங்கே சரியாக எழுதியிருந்தால் இங்கே கருத்துதான் தவறு.

வீட்டில் தெலுங்கு பேசும் பிள்ளைகள் பற்றி ஒன்று. தெலுங்கில் ழகரம் இல்லை. ஆகவே “சுளற்சி”, “அளுத்தம்” என்று எழுதுவதைக் கவனக்குறைவு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சுழற்சியையும் அழுத்தத்தையும் அந்தப் பிள்ளைக்குத் தெரியும். அதைவிட நுட்பமானது சொல் கலப்பு. இதே பானை வினாவுக்கு ஒரு பிள்ளை “தண்ணி ஆவிரியா போகும், வேடி குறையும்” என்று எழுதியிருந்தது. ஆவிரி என்பதை ஆவி என்பதன் பிழை வடிவம் என்று நினைக்கத் தோன்றும். வேடி என்பதைப் பார்த்தால் ஒன்றுமே தோன்றாது. தெலுங்கில் ஆவிரி என்றால் நீராவி, வேடி என்றால் சூடு. நம்மில் பாதிப் பேருக்குத் தெலுங்கு தெரியும், அதனால் இங்கே அந்த விடை பிழைத்தது. பிள்ளைக்குக் கருத்து இருக்கிறது, தமிழ்ச் சொல் இல்லை. மதிப்பெண்ணைத் தந்துவிட்டு ஓரத்தில் “ஆவி”, “வெப்பம்” என்று எழுதிக் கொடுத்தால் அடுத்த தாளில் அந்தச் சொற்கள் வந்துவிடும்.

மொழியாசிரியர்கள் இவ்வளவு நேரம் அறிவியலையே கேட்டுக்கொண்டிருந்தீர்கள். உங்கள் பக்கத்திலும் இதே வால்தான். ஆங்கில எழுத்துத்திறன் அளவுகோல் ஒன்றைத் தமிழ்க் கட்டுரைக்குப் பயன்படுத்தும்போது மூன்று வரிகள் உடனே தகராறு செய்யும். ஐம்பது சொற்களுக்குக் குறையாமல் எழுதியிருக்கிறானா, இணைப்புச் சொற்களைப் பயன்படுத்தியிருக்கிறானா, வாக்கியத்தில் எழுவாயும் வினையும் இருக்கின்றனவா.

சொல் எண்ணிக்கையைப் பாருங்கள். “வீட்டிற்குள்ளிருந்து பார்க்க முடியாததால்” என்பது மூன்று சொல். இதையே ஆங்கிலத்தில் சாதாரணமாக எழுதினால் “பிகாஸ் இட் குட் நாட் பி சீன் ஃப்ரம் தி இன்சைட் ஆஃப் தி ஹவுஸ்”, பன்னிரண்டு சொல். எப்போதும் நாலு மடங்கு என்று சொல்லவில்லை, இது கொஞ்சம் தூக்கலான எடுத்துக்காட்டு. ஆனால் ஆங்கிலத்துக்கு வகுத்த ஐம்பது சொல்லைத் தமிழில் கேட்டால் அது கூடுதல் வேலை. அதோடு நன்றாகச் சேர்த்து எழுதும் பிள்ளைக்கு எண்ணிக்கை குறைகிறது, “வீட்டிற்கு உள்ளே இருந்து” என்று பிரித்து எழுதும் பிள்ளைக்குக் கூடுகிறது. தேர்ந்த எழுத்துக்குத் தண்டனை. சொல்லுக்குப் பதிலாக, எத்தனை செய்தி சொல்லியிருக்கிறது என்று எண்ணுவது நடைமுறைக்கு எளிது. மூன்றாம் வகுப்புப் பிள்ளை சந்தையைப் பற்றி நான்கு செய்தி சொன்னால் போதும் என்று வைத்துக்கொள்ளலாம்.

இணைப்புச் சொல்லும் அப்படியே. அளவுகோலைப் பிடித்துக்கொண்டு ஏனெனில், ஆகவே, ஆனால் என்று தேடினால் கிடைக்காது. பிள்ளை “மழை பெய்ததால் நனைந்துகொண்டே ஓடியும் பஸ்ஸைப் பிடிக்க முடியவில்லை” என்று எழுதியிருக்கும். காரணம், ஒருங்கு நிகழ்தல், எதிர்மறை விளைவு, மூன்று இணைப்பும் அதில் இருக்கின்றன. பெய்ததால், கொண்டே, ஓடியும். தனிச்சொல்லாக ஒன்றும் இல்லை. நான் பார்த்த சில தாள்களில் பிள்ளைகள் மதிப்பெண்ணுக்காக ஒவ்வொரு வாக்கியத்தையும் ஆகவே என்று தொடங்கப் பழகியிருந்தார்கள். அது அளவுகோல் செய்த வேலை. வினை இல்லாத வாக்கியத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. “எங்கள் ஊர் திருத்தணி” என்பது முழு வாக்கியம். பெயர்ப் பயனிலை. ஆங்கில அளவுகோலுக்கு அது அரை வாக்கியம்.

சரி, செய்வது என்ன? நாங்கள் எங்கள் பள்ளியில் செய்வதைச் சொல்கிறேன். ஆங்கிலக் குறிப்பை மொழிபெயர்ப்பதில்லை. மொழிபெயர்த்தால் லேட்டன்ட் ஹீட் என்பது உள்ளுறை வெப்பம் என்று மாறும், பிள்ளை சூடு என்று எழுதியிருக்கும், சிக்கல் இருந்த இடத்திலேயே இருக்கும். முதலில் மதிப்பெண் போடாமல் பத்துத் தாள்களைப் படிக்கிறோம். நன்றாக எழுதுபவர், சுமாராக எழுதுபவர், தெலுங்கு வீட்டுப் பிள்ளை என்று கலந்து எடுக்கிறோம். பிறகு ஒவ்வொரு கருத்துக்கும் ஒரு கேள்வி எழுதுகிறோம். “வெப்பம் எதிலிருந்து போனது என்று சொல்லியிருக்கிறதா?” என்பது மாதிரி, ஆம், இல்லை என்று விடை வரும் கேள்வி. அதற்குக் கீழே அந்தப் பத்துத் தாள்களில் இருந்தே ஏற்கும் விடை இரண்டு மூன்றும், ஏற்காத விடை ஒன்றும் அப்படியே எழுதிக்கொள்கிறோம். ஏற்காத விடையை எழுதுவதுதான் முக்கியம், அதில்தான் இரண்டு ஆசிரியர்கள் வேறுபடுவார்கள்.

அதற்குப் பிறகு இருவர் அந்தப் பத்துத் தாள்களையும் தனித்தனியாக, ஒருவர் மதிப்பெண்ணை மற்றவர் பார்க்காமல் திருத்துகிறோம். விடையின் மேல் எழுதாமல் தனித்தாளில் குறித்துக்கொள்ள வேண்டும். பானை வினாவில் இரண்டாம் தாளுக்கு, அந்த முழு ஆங்கிலத் தாளுக்கு, நான் ஒன்று போட்டிருந்தேன், என் உடன் ஆசிரியர் இரண்டு போட்டிருந்தார். போரஸ் என்று சொன்னாலே கசிவு அதில் அடக்கம் என்பது அவர் வாதம். துளை இருப்பதும் அதன் வழியே நீர் வருவதும் வேறு வேறு என்பது என் வாதம். இதில் யார் சொல்வது சரி என்று பார்க்காமல் குறிப்பைத் திருத்தினோம். “நீர் வெளியே வருவதாகச் சொல்ல வேண்டும், துளை என்ற சொல் இல்லாவிட்டாலும் ஏற்கலாம்” என்று எழுதினோம். பிறகு மீதித் தாள்களுக்கு அதே விதி.

இதை எல்லா வினாவுக்கும் செய்ய நேரம் இல்லை. ஒரு மதிப்பெண் வினாவுக்குத் தேவையும் இல்லை. ஏன், எப்படி என்று கேட்கும் வினாக்களில் பருவத்துக்கு இரண்டு போதும். செய்த குறிப்பு அடுத்த ஆண்டுக்கும் இருக்கும்.

நேற்று இந்தப் பேச்சுக்குத் தயார் செய்யும்போது ஓர் ஆசிரியை கேட்டார்: “சார், இதெல்லாம் வகுப்புத் தேர்வுக்குச் சரி. பொதுத் தேர்வுத் திருத்தும் முகாமில் தரும் விடைக்குறிப்பை நாம் மாற்ற முடியாதே?” முடியாது, மாற்றவும் கூடாது. ஆயிரக்கணக்கானோர் ஒரே அளவில் திருத்த வேண்டிய இடம் அது. பத்தாம் வகுப்பு அறிவியல் வினாத்தாள் தமிழிலும் ஆங்கிலத்திலும் தரப்படுகிறது. அங்கே ஐயம் வந்தால் முதன்மைத் தேர்வாளரிடம் கேட்பதுதான் முறை. ஆனால் அங்கே உட்காரப் போகும் தாளை எழுதும் பிள்ளை இன்று நம் வகுப்பில் இருக்கிறது. “காஞ்சிடும்” என்று எழுதும் மாணவிக்கு முழு மதிப்பெண் கொடுத்துவிட்டு, தாளின் ஓரத்தில் “ஆவியாகும்” என்று எழுதுகிறேன். பொதுத் தேர்வில் அந்தச் சொல் அவளுக்கு வேண்டும். கருத்து இருப்பதால் சொல் சீக்கிரம் ஒட்டும். நான்கு சொற்களை மட்டும் எழுதிய மாணவனின் தாளில் “எதிலிருந்து?” என்று ஒரே ஒரு கேள்வி எழுதுகிறேன். அவனுக்குத்தான் அதிக நேரம் பிடிக்கிறது.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு ஒவ்வொரு பள்ளியும் ஒரு வினாவுக்கான பத்து விடைத்தாள்களை, பெயரை மறைத்து நகல் எடுத்துக் கொண்டுவாருங்கள். தமிழ் வழி ஐந்து, ஆங்கில வழி ஐந்து. தொடக்கப் பள்ளி என்றால் பிள்ளைகள் சொந்தமாக எழுதிய ஐந்து வரிக் கட்டுரை போதும். மதிப்பெண் போடாமல் கொண்டுவர வேண்டும். பொன்பாடி பக்கத்துப் பள்ளிக்காரர்கள் தெலுங்கு கலந்த தாள் இருந்தால் மறக்காமல் சேருங்கள்.